முங்கு நீச்சலும் மூன்று புள்ளிகளும்: சுவாசப் பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

திருப்புதல் தேர்வுத் தாள்களை நேற்று ராத்திரி திருத்தி முடித்தேன். மதிப்பெண்களைத் திங்கள்கிழமை சொல்கிறேன், அதற்குள் போன் பண்ணிக் கேட்க வேண்டாம். இந்தக் கடிதம் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. "நுரையீரலில் வாயு பரிமாற்றம் எவ்வாறு நடைபெறுகிறது?" ஐந்து மதிப்பெண். வகுப்பில் பாதிப் பேர் எழுதியிருக்கிற பதில் இதுதான்: "நுரையீரல் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை உறிஞ்சி இரத்தத்துக்குள் தள்ளுகிறது. இரத்தத்தில் உள்ள கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது."

காற்று நுண்ணறை படம் அழகாக இருக்கிறது. பெயர்களும் சரியாகக் குறித்திருக்கிறீர்கள். ஆனால் "தள்ளுகிறது" என்று எழுதியவருக்கு மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டுக்கு மேல் போட எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊரில் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும் என்றால் என்ன செய்வோம்? வரப்பில் மடையை வெட்டிவிடுவோம். மேட்டு வயலில் இருந்து பள்ள வயலுக்குத் தண்ணீர் தானாக ஓடும். யாரும் தள்ள வேண்டாம். பள்ளத்தில் இருக்கிற தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற வேண்டுமானால்தான் இறைவை வேண்டும், மோட்டார் வேண்டும், டீசல் வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த வயலில் தண்ணீர் அதிகம் என்பது பொருட்டே இல்லை. மேட்டு வயல் பத்துக் குழியாக இருக்கலாம், பள்ள வயல் ஒரு வேலியாக இருக்கலாம். ஓட்டத்தை முடிவு செய்வது மட்டம்தான்.

வாயுக்களுக்கு அந்த மட்டத்தின் பெயர் பகுதி அழுத்தம். நுரையீரல் வெட்டுவது மடை. இறைவை அங்கே கிடையவே கிடையாது.

இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் இதற்காக நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் என்று ஒரு உடலியல் பேராசிரியர் இருந்தார். நீங்கள் படிக்கிற 'போர் விளைவு' அவர் பெயரால் வந்ததுதான். (வருஷா வருஷம் யாராவது ஒருவர் வைக்கோல் போரா சார் என்று கேட்பதும், அணுவுக்கு மாதிரி சொன்ன நீல்ஸ் போரா சார் என்று கேட்பதும் வழக்கம். நீல்ஸ் இவருடைய மகன்.) இந்த கிறிஸ்டியன் போர், நுரையீரல் ஒரு சுரப்பி மாதிரி வேலை செய்து ஆக்ஸிஜனை இரத்தத்துக்குள் சுரக்கிறது என்று நம்பினார். அதாவது உள்ளே ஒரு இறைவை இருக்கிறது என்றார். அவரிடமே உதவியாளராக இருந்த ஆகஸ்ட் க்ரோ, தன் மனைவி மேரியோடு சேர்ந்து, ஒரு சின்ன காற்றுக்குமிழியை வைத்து இரத்தத்தில் உள்ள வாயுவின் அழுத்தத்தை நுணுக்கமாக அளக்க வழி கண்டுபிடித்தார். அளந்து பார்த்தால் இரத்தத்தில் ஆக்ஸிஜனின் மட்டம் நுண்ணறைக் காற்றின் மட்டத்தைத் தாண்டவே இல்லை. விரவல் மட்டுமே போதும் என்று 1910-இல் எழுதினார்கள். தன் ஆசிரியர் சொன்னது தவறு என்று எழுத வேண்டியிருந்தது.

ஆகவே "தள்ளுகிறது" என்று எழுதியவர்கள் வெட்கப்பட வேண்டாம். பெரிய ஆள் ஒருவர் செய்த தப்பைத்தான் செய்திருக்கிறீர்கள். தேர்வில் மட்டும் செய்யாதீர்கள்.

சரி, இப்போது மட்டங்களைப் பார்ப்போம். புத்தகத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. பலர் அதை வாய்ப்பாடு மாதிரி உருப்போடுகிறீர்கள், பிறகு தேர்வு அறையில் 40-ஐயும் 45-ஐயும் இடம் மாற்றி எழுதுகிறீர்கள். உருப்போட வேண்டாம், நடந்து போய்ப் பாருங்கள்.

வெளியே காற்றின் மொத்த அழுத்தம் 760 மி.மீ. பாதரசம். அதில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். பெருக்கினால் 159 வரும். இது வெளிமட்டம். நுண்ணறைக்குள் போனால் 104 ஆகிவிடுகிறது. 55 எங்கே போனது? இதை இதுவரை என்னிடம் ஒரே ஒரு பெண்தான் கேட்டிருக்கிறாள், அவள் இப்போது செவிலியர்.

உள்ளே போகிற காற்று முதலில் ஈரமாகிறது. நம் உடல் சூட்டில் நீராவி மட்டும் 47 மி.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மீதி 713-இல் 21 சதவீதம் என்றால் 149. அதற்கப்புறம்தான் முக்கியமான விஷயம். நாம் சாதாரணமாக இழுக்கிற மூச்சு அரை லிட்டர், 500 மி.லி. அதில் 150 மி.லி. மூக்கிலும் மூச்சுக்குழலிலுமே நின்றுவிடும். நுண்ணறை வரை போய்ச் சேருவது 350 மி.லி.தான். அங்கே ஏற்கெனவே இரண்டு லிட்டருக்கு மேல் பழைய காற்று தேங்கி இருக்கிறது. இரத்தம் அதிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டே இருக்கிறது, கரியமில வாயுவைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. குளத்தில் கிடக்கிற தண்ணீரில் வாய்க்கால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வந்து கலக்கிற மாதிரிதான். குளம் ஒருநாளும் வாய்க்கால் மாதிரி தெளிவாக இருக்காது. அதனால்தான் 104.

நுண்ணறைக்கு வந்து சேரும் இரத்தத்தில் ஆக்ஸிஜனின் மட்டம் 40. நுண்ணறையில் 104. மடை திறந்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரியமில வாயு அதே இரத்தத்தில் 45, நுண்ணறையில் 40. அது எதிர்ப்பக்கம் ஓடும். திசுக்களில் இதுவே தலைகீழ். ஆக்ஸிஜன் போகிற இடமெல்லாம் இறங்கிக்கொண்டே போகிறது. கரியமில வாயு திசுவில் தொடங்கி வெளிக்காற்று வரை இறங்கிக்கொண்டே வருகிறது. இரண்டு ஆறு, எதிரெதிர் திசை, இரண்டுமே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. இப்படிப் பிடித்துக்கொண்டால் 40-உம் 45-உம் இடம் மாறாது.

இங்கே கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. ஆக்ஸிஜனுக்கு 64 மி.மீ. இறக்கம் இருக்கிறது. கரியமில வாயுவுக்கு வெறும் 5. அவ்வளவு சின்ன இறக்கத்தில் எப்படி அத்தனையும் வெளியேறுகிறது? அது தண்ணீரில் ஆக்ஸிஜனைவிட 20 முதல் 25 மடங்கு நன்றாகக் கரையும். ஆகவே அந்த மெல்லிய சவ்வைக் கடப்பது அதற்கு லேசு. வாய்க்கால் அகலமாக இருந்தால் சின்னச் சரிவே போதும், அவ்வளவுதான். மூன்று வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

இனி வளைவு. ஆக்ஸிஜன் பிரிகை வளைவை வரையச் சொன்னால் பத்துப் பேரில் நான்கு பேர் அச்சுகளை மாற்றிப் போடுகிறீர்கள். இரண்டு பேர் நேர்கோடு போடுகிறீர்கள். ஒருவர் மலை வரைந்திருந்தார், அவர் யார் என்று அவருக்குத் தெரியும். கீழே கிடக்கிற அச்சில் ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம், நிற்கிற அச்சில் ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்பது. மூன்று புள்ளி போதும். 104-க்கு நேரே 97. 40-க்கு நேரே 75. 27-க்கு நேரே 50. இந்த மூன்றையும் வைத்து, பூஜ்யத்திலிருந்து மெதுவாகக் கிளம்பி, நடுவில் செங்குத்தாக ஏறி, மேலே போய்ச் சாய்ந்து படுத்துக்கொள்கிற கோடு ஒன்று போடுங்கள். சிக்மாய்டு வளைவு வந்துவிடும்.

இந்த வளைவின் மேல்பகுதி தட்டையாகப் படுத்திருப்பதுதான் இந்தக் கடிதத்தின் நடுவேர். அதை நன்றாகப் பாருங்கள். அழுத்தம் 104-இலிருந்து 60 வரை விழுந்தாலும் ஹீமோகுளோபின் இன்னும் 90 சதவீதம் நிறைந்துதான் இருக்கிறது. 104-ஐத் தாண்டி எவ்வளவு ஏற்றினாலும் கூடுவதற்கு மூன்று சதவீதம்தான் மிச்சம். நிறைந்த மரக்காலில் நெல்லைக் கொட்டினால் கீழே சிந்தும், உள்ளே போகாது.

கணக்காகவே பாருங்கள். 100 மி.லி. இரத்தத்தில் ஏறக்குறைய 15 கிராம் ஹீமோகுளோபின். ஒவ்வொரு கிராமும் 1.34 மி.லி. ஆக்ஸிஜனைச் சுமக்கும். பெருக்கினால் 20 மி.லி. வரும். இரத்த நீரில் வெறுமனே கரைந்திருப்பது 0.3 மி.லி.தான். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது திசுக்கள் அந்த 20-இல் கால் பங்கை, அதாவது 5 மி.லி.யை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. 97 என்பது 75 ஆகிறது என்பதற்கு அர்த்தம் அதுதான்.

இப்போது ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்பில் இதை நான் சொன்னதில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது நடந்தது. வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊர். அப்போதெல்லாம் மேட்டூர் ஜூன் 12 திறந்தால், கல்லணையில் பிரிந்து, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு வழியாகத் தண்ணீர் எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்போம். முதல் தண்ணீர் செத்தையும் நுரையுமாக வரும். அது வடிந்து ஆறு நிறைந்துவிட்டால் சாயங்காலம் முழுக்க முங்கு நீச்சல் பந்தயம்தான். படித்துறையில் முங்கினால் எதிர்க்கரைப் புங்க மரத்தடியில் எழ வேண்டும். நடுவில் தலை தூக்கினால் தோல்வி.

என் சித்தப்பா மகன், எனக்கு இரண்டு வயது இளையவன். அவனால் முக்கால் ஆற்றுக்கு மேல் போக முடிந்ததில்லை. ஒருநாள் எங்களுக்கு மூத்த பையன் ஒருவன் அவனுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தான். "முங்கறதுக்கு முன்னாடி இருபது தடவ நல்லா இழுத்து இழுத்து விடுடா. நெஞ்சு பூரா காத்து ரொம்பிக்கும்." தம்பி அப்படியே செய்தான். செய்யும்போதே தலை கிறுகிறுக்கிறது, விரலெல்லாம் மதமதவென்று இருக்கிறது என்றான். "அதான், காத்து ஏறுது" என்றான் மூத்தவன். தம்பி முங்கினான்.

நாங்கள் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு தாத்தாதான் முதலில் கத்தினார். புங்க மரத்துக்கு இரண்டு கை தூரத்தில் அவன் முதுகு மட்டும் மிதந்தது. துள்ளவில்லை, கை கால் அடிக்கவில்லை. தாத்தா பாய்ந்து போய் மயிரைப் பிடித்து இழுத்து மணலில் போட்டார். அவன் பாக்கியம், கரையில் போட்டதும் இருமி, தண்ணீரைக் கக்கி, கண்ணைத் திறந்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி எங்கள் சித்தி புங்க மரத்து முனி அடித்துவிட்டது என்று திருநீறு போட அழைத்துப் போனார். நான் கூடப் போனேன். வழியில் அவனிடம் மெதுவாகக் கேட்டேன், மூச்சு முட்டும்போதே எழுந்திருக்க வேண்டியதுதானேடா என்று. அவன் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"மூச்சு முட்டவே இல்லண்ணே. சொகமா இருந்துச்சு."

எனக்கு அது புரிய எட்டு வருஷம் ஆயிற்று. கல்லூரியில் சுவாசப் பாடம் நடந்த ஒரு மதியத்தில், கரும்பலகையில் பேராசிரியர் இதே வளைவைப் போட்டுக்கொண்டிருந்தபோது, சட்டென்று புங்க மரம் ஞாபகம் வந்தது. உங்களுக்கு அத்தனை வருஷம் ஆக வேண்டாம். கணக்கைப் போடுவோம்.

முதல் கேள்வி. இருபது தடவை இழுத்து விட்டதில் அவனுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் கூடியது? இரத்தத்தில் அநேகமாக ஒன்றும் இல்லை. வளைவு 104-லேயே தட்டை, மரக்கால் நிறைந்துவிட்டது. நுரையீரலில் தேங்கி நிற்கும் பழைய காற்று கொஞ்சம் புதிதாகியிருக்கும், அதில் ஒரு நூறு மி.லி. அளவுக்கு ஆக்ஸிஜன் கூடியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்பு நிமிஷத்துக்கு 250 மி.லி. செலவழிக்கும். வேகமாக நீந்துகிற உடம்பு அதைப்போல் நாலைந்து மடங்கு செலவழிக்கும். ஆகவே அவனுக்குக் கிடைத்த லாபம் சில நொடிகள்.

இரண்டாவது கேள்வி. கரியமில வாயு எவ்வளவு குறைந்தது? இங்கேதான் விஷயம். கரியமில வாயுவுக்கு இப்படித் தட்டையான வளைவு கிடையாது. நுண்ணறையில் அதன் மட்டத்தை எவ்வளவு இறக்குகிறீர்களோ அவ்வளவுக்கு இரத்தத்திலிருந்து வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். 40 இருந்தது சுலபமாக 20-க்குப் பக்கம் போய்விடும். தலை கிறுகிறுத்ததும் விரல் மதமதத்ததும் காற்று ஏறியதால் இல்லை, கரியமில வாயு இறங்கியதால். அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும்.

மூன்றாவது கேள்வி, புத்தகத்தில் 'சுவாசத்தைக் கட்டுப்படுத்துதல்' என்ற தலைப்பில் கடைசிப் பக்கத்தில் இருப்பது, நீங்கள் யாரும் படிக்காமல் விட்டது. மூச்சு முட்டுகிறது என்று நமக்குச் சொல்வது எது? ஆக்ஸிஜன் குறைந்தது என்று முகுளம் பார்ப்பதில்லை. அங்கே இருக்கிற வேதியுணர்விகள் கரியமில வாயுவையும் அதனால் உண்டாகும் ஹைட்ரஜன் அயனிகளையும்தான் கவனிக்கின்றன:

CO2 + H2O → H2CO3 → H+ + HCO3−

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் ஆக்ஸிஜனைப் பார்க்கிற உணர்விகள் உண்டு. அவை ஆக்ஸிஜன் 60-க்குக் கீழே போன பிறகுதான் உரக்கப் பேசும், அதுவும் கரியமில வாயு குறைந்து கிடந்தால் அவற்றின் குரல் அமுங்கிப் போகும். ஏன் 60? வளைவைப் பாருங்கள். அதுவரை சரக்கு 90 சதவீதம் இருக்கிறது. அதற்குக் கீழேதான் செங்குத்தான சரிவு.

இப்போது மூன்றையும் சேர்த்து, கொஞ்சம் எளிமையாக்கியே, தம்பியின் முங்கலைப் பார்ப்போம். சாதாரணமாக மூச்சைப் பிடித்தால் கரியமில வாயு 40-இலிருந்து ஏறும். 50-ஐத் தாண்டினால் பெரும்பாலோருக்குத் தாங்காது, எழுந்துவிடுவோம். நடுவில் பத்துப் படிதான். அவனோ 20-இலிருந்து ஏற வேண்டும். முப்பது படி. அந்த முப்பது படியையும் ஏறி முடிப்பதற்குள் அவன் தசைகள் ஆக்ஸிஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. 100, 80, 60. இதுவரை வளைவு தட்டை, ஒன்றும் தெரியாது. 50, 40, 30. இது சரிவு, இங்கே ஒவ்வொரு படிக்கும் சரக்கு மளமளவென்று கொட்டிப்போகும். 30-க்குப் பக்கத்தில் மூளை அணைந்துவிடும். கரியமில வாயு மணி அடிக்கிற இடத்துக்கு அப்போதும் வந்து சேர்ந்திருக்காது. அவனுக்கு மூச்சு முட்டவே இல்லை என்பது முழு உண்மை.

கரைக்கு இரண்டு கை தூரத்தில் ஏன் என்பதற்கும் பதில் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் போகப்போக அழுத்தம் கூடும், பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம். நம் ஆற்றில் நிறைந்த தண்ணீரில் மூன்று மீட்டர் ஆழம் என்று வையுங்கள். அங்கே மொத்த அழுத்தம் 1.3 மடங்கு. அந்த ஆழத்தில் ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் 40 இருந்தால், மேலே வந்ததும் வேறு எதுவுமே செலவாகாமல் 31 ஆகிவிடும். அடியில் விழிப்போடு இருந்தவன் மேலே வருகிற வழியில் மயங்குவான். நன்றாக நீந்துகிறவர்களே பெரும்பாலும் இப்படிப் போகிறார்கள், தெரியாதவன் முங்கவே மாட்டான். தத்தளிப்பும் இருக்காது, சத்தமும் இருக்காது. கரையில் இருக்கிறவர்கள் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கதையை விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். ஆனால் "சுவாசத்தைக் கட்டுப்படுத்துவதில் கரியமில வாயுவின் பங்கு" என்று கேட்டால் நீங்கள் புங்க மரத்தை நினைத்துக்கொண்டு எழுதலாம், விடை வரிசையாக வரும்.

போர் விளைவைப் பாதியில் விட்டுவிட்டேன். கரியமில வாயு கூடினால், ஹைட்ரஜன் அயனி கூடினால், சூடு கூடினால் வளைவு வலப்பக்கம் நகரும். இதில் நீங்கள் செய்கிற தப்பு ஒன்றே ஒன்று. வலப்பக்கம் என்றால் கூடுதல் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு "ஹீமோகுளோபினின் ஈர்ப்பு அதிகரிக்கிறது" என்று எழுதுகிறீர்கள். எழுதுவதற்கு முன் அளவுகோலை எடுங்கள். 40-இல் நேராக ஒரு கோடு மேலே போடுங்கள். அது பழைய வளைவை 75-இல் வெட்டும். நகர்ந்த வளைவை அதற்குக் கீழேதான் வெட்டும், 65 என்று வையுங்கள். அதே அழுத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாகப் பிடித்துவைத்திருக்கிறது, ஆகவே கூடுதலாக இறக்கிவிட்டிருக்கிறது. ஈர்ப்பு குறைந்திருக்கிறது. வேலை செய்கிற தசைதான் சூடாக இருக்கும், அங்கேதான் கரியமில வாயு அதிகம், அங்கேதான் ஆக்ஸிஜனும் அதிகம் வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்தவர் யாரும் இதில் தப்பு செய்து நான் பார்த்ததில்லை.

கரியமில வாயு பயணம் செய்யும் மூன்று வழிகளும் உங்களுக்குத் தெரியும்: 7 சதவீதம் கரைந்து, 20 முதல் 25 ஹீமோகுளோபினோடு சேர்ந்து, 70 பைகார்பனேட்டாக. அதில் எனக்குக் குறையில்லை. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி இருப்பது இரத்தச் சிவப்பணுவுக்குள் என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள், பிளாஸ்மாவில் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. "நாம் வெளிவிடும் மூச்சில் இருப்பது கரியமில வாயு" என்று சின்ன வகுப்பிலிருந்தே உங்கள் தலையில் ஏறியிருக்கிறது. தாள்களிலும் அப்படியே வந்திருக்கிறது. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 4 சதவீதம்தான். ஆக்ஸிஜன் இன்னும் 16 சதவீதம் இருக்கிறது. தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதுவது பலிப்பது அதனால்தான். அன்றைக்கு அந்தத் தாத்தாவுக்கு அது தெரியாது, தெரியவேண்டிய தேவை வராமல் போனது எங்கள் நல்ல காலம். 760-இல் 16 சதவீதம் என்ன என்று போட்டுப் பாருங்கள். உள்ளே போய்க் கலந்து குறைந்து 80-க்கு வந்தாலும் வளைவில் அதற்கு நேரே எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது கெட்ட காற்றா என்று பிறகு சொல்லுங்கள். பிள்ளையைத் தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றி வயிற்றுத் தண்ணீரை இறக்குவது என்று நம் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. அது அந்த ஊதலுக்கு உரிய நிமிஷத்தைத் தின்றுவிடும், அதைச் செய்யாதீர்கள்.

தம்பி இப்போது கும்பகோணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது ஒரு தாளில் இந்த வளைவை வரைந்து அவனுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்போ சித்தி திருநீறு போட்டது?" என்றான். அவன் அம்மாவை நான் கூப்பிடுகிற மாதிரியே சொல்லிக் கிண்டல் செய்கிறான். போட்டது போட்டதுதான், அது தனி என்றேன்.

திங்கள்கிழமை காலை எட்டேகாலுக்கு ஆய்வகம் திறந்திருக்கும். ஆளுக்கு ஒரு வரைபடத் தாள், அளவுகோல், பென்சில் கொண்டு வாருங்கள். புத்தகம் வேண்டாம். மூன்று புள்ளிகளையும் வைத்து வளைவு போட்டு, தம்பி முங்கின இடத்திலிருந்து மயங்கின இடம் வரை அதன்மேல் விரலை நகர்த்திக் காட்டினால் அனுப்பிவிடுவேன். உளுந்து, பயறு பிடுங்கப் போக வேண்டியவர்கள் செவ்வாய்க்கிழமை வந்தால் போதும். வீட்டில் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உயிரியல் ஆசிரியர்